அந்த 26.4 யாருடைய சம்பாத்தியம்?

இரண்டு எண்களை உங்கள் முன் வைக்கிறேன். 2023 பிப்ரவரி இறுதியில் நிஃப்டி 50 குறியீட்டின் மூன்றாண்டு வருமானம் ஆண்டுக்கு 15.6 சதவீதம். அடுத்த மாத இறுதியில், மார்ச் 31 அன்று, அதே குறியீட்டின் அதே மூன்றாண்டு வருமானம் ஆண்டுக்கு 26.4 சதவீதம். ஒரே மாதத்தில் இத்தனை பெரிய பாய்ச்சல்! அப்படியானால் அந்த மார்ச்சில் பங்குச் சந்தை வானத்தைத் தொட்டதா? இல்லை. 17,303.95-ல் இருந்த நிஃப்டி 17,359.75-க்கு நகர்ந்தது. ஆயிரம் ரூபாய் போட்டவருக்கு மூன்று ரூபாய் சொச்சம் கிடைத்திருக்கும். அவ்வளவுதான்.

பிறகு அந்த 26.4 எங்கிருந்து வந்தது? முடிவுத் தேதி ஒரு மாதம் நகர்ந்தபோது தொடக்கத் தேதியும் கூடவே நகர்ந்தது. பிப்ரவரிக் கணக்கு 2020 பிப்ரவரி இறுதியில் தொடங்கியது. அன்று நிஃப்டி 11,201.75. மார்ச் கணக்கு 2020 மார்ச் இறுதியில் தொடங்கியது. அதற்குள் கொரோனா அச்சத்தில் சந்தை நொறுங்கி நிஃப்டி 8,597.75-க்கு வந்துவிட்டது. கிணற்றின் அடியில் நின்று பார்த்தால் கைப்பிடிச் சுவர்கூட கோபுரமாகத்தான் தெரியும். மூன்றாண்டு வருமானம் என்று அச்சிட்ட அந்த எண்ணில் பாதிப் பெருமை, அளவு எடுக்கத் தொடங்கிய நாளுக்குச் சொந்தம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்? ஒவ்வொரு மாதமும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எஸ்.ஐ.பி பணம் போகிறது. அந்தப் பணம் என்ன ஆகிறது என்று சொல்லும் ஃபேக்ட்ஷீட்டை ஃபண்ட் நிறுவனம் மாதாமாதம் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. ஒரு திட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பக்கம். அதைத் திறக்காமலே, “சார், மூணு வருஷத்துல இருபத்தாறு பெர்சென்ட் சார்!” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பத்து வருட உழைப்பை ஒப்படைக்கிறோம். வேண்டாம்! வீட்டு வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கத் தெரிந்த உங்களுக்கு இந்த இரண்டு பக்கம் எட்டாத உயரம் கிடையாது. வருமானம் என்று ஓர் எண்ணைப் பார்த்தால் அதனிடம் மூன்று கேள்விகளை நேருக்கு நேர் கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து? எதை வாங்கி வைத்து? யார் பொறுப்பில் இருந்தபோது? மூன்றுக்கும் பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

முதல் கேள்விக்குக் கையில் இருக்கும் ஃபோன் கால்குலேட்டர் போதும். ஃபேக்ட்ஷீட்டில் வருமான அட்டவணைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை உண்டு. 10,000 ரூபாய் போட்டிருந்தால் ஓராண்டில் எவ்வளவு, மூன்றாண்டில் எவ்வளவு, ஐந்தாண்டில் எவ்வளவு என்று அது சொல்லும். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த வரிசையில்தான் சாவி இருக்கிறது. மூன்றாண்டுத் தொகையை ஓராண்டுத் தொகையால் வகுத்துப் பாருங்கள். கடைசி ஓராண்டுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது வெளியே வந்து நிற்கும்.

நிஃப்டியை வைத்தே செய்து காட்டுகிறேன். 2021 மார்ச் 31 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டு வருமானம் ஆண்டுக்கு 13.3 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது, நிதானமான, நம்பத் தகுந்த எண் போலத் தெரிகிறது. அதன்படி 10,000 ரூபாய் 14,526 ஆகியிருக்கும். பக்கத்திலேயே ஓராண்டுக் கணக்கு இருக்கும்: 10,000 ரூபாய் 17,087 ஆனது. இப்போது 14,526-ஐ 1.7087-ஆல் வகுங்கள். 8,501 வருகிறது. அதாவது முதல் இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது உங்கள் 10,000 ரூபாய் 8,501 ஆகச் சுருங்கிக் கிடந்தது. இருபத்துநான்கு மாதம் கழித்துப் பதினைந்து சதவீத நட்டத்தைப் பார்த்தும் விற்காமல் நின்றவருக்குத்தான் அந்த 13.3 கிடைத்தது. 2020 மார்ச்சில் பயந்து விற்றுவிட்டு ஓடியவருக்கு அது கிடைக்கவில்லை. ஃபேக்ட்ஷீட் பொய் சொல்லவில்லை, ஆனால் கேட்டால்தான் முழுவதையும் சொல்கிறது. கேளுங்கள்!

அதே வகுத்தலை ஐந்தாண்டுத் தொகைக்கும் மூன்றாண்டுத் தொகைக்கும் செய்யலாம். அப்படிச் செய்தால் ஒரே எண்ணாகத் தெரிந்த ஐந்தாண்டு மூன்று துண்டுகளாகப் பிரியும்: முதல் இரண்டு ஆண்டுகள், அடுத்த இரண்டு, கடைசி ஒன்று. மூன்று துண்டுகளிலும் ஓரளவு சமமாக உழைத்த ஃபண்டும் உண்டு. கடைசித் துண்டு ஒன்றே மொத்தத்தையும் தூக்கி நிறுத்திய ஃபண்டும் உண்டு. இரண்டுக்கும் ஐந்தாண்டு வருமானம் ஒரே எண்ணாக இருக்கக்கூடும். எதில் உங்கள் பணத்தை வைக்கப்போகிறீர்கள் என்று முடிவெடுப்பதற்கு முன் இந்த இரண்டு நிமிடக் கணக்கைப் போட்டே தீர வேண்டும். எஸ்.ஐ.பி வருமானம் என்று தனி அட்டவணை இருக்கும். அதுவும் கடைசித் தேதியில் சந்தை எங்கே நின்றது என்பதற்குக் கட்டுப்பட்டதுதான் என்பதை மட்டும் நினைவில் வைத்து நகருங்கள்.

ஃபண்டின் எண்ணைத் தனியாகப் பார்ப்பதும் ஆபத்து. பக்கத்துப் பத்தியில் பெஞ்ச்மார்க் குறியீட்டின் வருமானம் இருக்கும். 2023 மார்ச்சில் ஒரு லார்ஜ் கேப் ஃபண்ட் மூன்றாண்டுக்கு ஆண்டுதோறும் 25 சதவீதம் காட்டியிருந்தால் மயங்கியிருப்போம். ஆனால் எந்த மேனேஜரும் யோசிக்காமல் நிஃப்டியின் ஐம்பது பங்குகளை அப்படியே வாங்கி வைத்திருந்தாலே 26.4 வந்திருக்கும். நான் இங்கே சொல்லும் நிஃப்டி எண்களில் நிறுவனங்கள் கொடுத்த டிவிடெண்ட் சேரவில்லை. சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இன்னும் கூடும். அப்படி டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீட்டுக்கு டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ் என்று பெயர். பெஞ்ச்மார்க் பெயரின் முடிவில் டி.ஆர்.ஐ என்று ஒட்டியிருப்பது அதுதான். 2018 பிப்ரவரியிலிருந்து செபி இதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் ஃபண்டின் கணக்கில் டிவிடெண்ட் உண்டு, குறியீட்டின் கணக்கில் இல்லை. ஓட்டம் தொடங்கும் முன்பே ஃபண்ட் ஓர் அடி முன்னால் நின்றது. அந்தக் காலத்து விளம்பரத் தாள்களை இன்னும் யாராவது நீட்டினால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் இன்னொரு வித்தையும் பார்க்கலாம். ஸ்மால் கேப் ஃபண்டின் வருமானத்தை நிஃப்டி 50-க்குப் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா எத்தனை மடங்கு என்பார்கள். நிஃப்டியில் இருப்பவை நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஐம்பது. ஸ்மால் கேப் என்பது சந்தை மதிப்பில் 251-வது இடத்திலிருந்து தொடங்குகிறது. ஃபேக்ட்ஷீட்டில் அந்த ஃபண்டுக்கென்று குறிப்பிட்ட முதல் பெஞ்ச்மார்க் எதுவோ அதனோடு மட்டும் ஒப்பிடுங்கள். கூடுதல் பெஞ்ச்மார்க் என்று கீழே போட்டிருப்பது பொதுவான சந்தை நிலவரம் தெரிவதற்காக.

இனி ரிஸ்க் பகுதிக்கு வாருங்கள். பலர் பக்கத்தைத் திருப்பிவிடும் இடம் இது. ஸ்டாண்டர்டு டீவியேஷன், பீட்டா, ஷார்ப் ரேஷியோ என்று பெயர்களைப் பார்த்ததும் இது நமக்கில்லை என்று நினைத்துவிடுகிறோம். உங்களுக்குத்தான் இது! இந்த மூன்றில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் பின்னால் வரும்.

ஃபண்டின் வருமானம் அதன் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலும் கீழும் ஆடுகிறது என்பதன் அளவு அது. ஒரு ஃபண்டின் சராசரி ஆண்டு வருமானம் 14, ஸ்டாண்டர்டு டீவியேஷன் 16 என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக மூன்று ஆண்டுகளில் இரண்டில் அதன் வருமானம் மைனஸ் 2-க்கும் 30-க்கும் இடையில் இருக்கும். மூன்றாவது ஆண்டு அந்த எல்லையைத் தாண்டி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். இதை ரூபாயாக்கிப் பார்த்தால்தான் உறைக்கும். உங்கள் 5 லட்சம் ஓராண்டு கழித்து 4 லட்சத்து 90 ஆயிரமாக நிற்பது இந்த ஃபண்டில் வெகு சாதாரணமான நிகழ்வு. அதைக் கண்டு தூக்கம் போகும் என்றால் இந்த ஃபண்ட் உங்களுக்கானதல்ல. இதை வேறு யாரும் உங்களுக்காகத் தீர்மானிக்க முடியாது, ரிஸ்க்கோமீட்டர் முள்ளும் தீர்மானிக்காது. பங்கு சார்ந்த ஃபண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த முள் “மிக அதிகம்” என்ற ஒரே இடத்தில்தான் நிற்கிறது. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க அது உதவாது.

ஷார்ப் ரேஷியோ என்பது இந்த ஆட்டத்துக்கு ஈடாக எவ்வளவு கிடைத்தது என்ற கணக்கு. ஃபண்டின் வருமானத்திலிருந்து ரிஸ்க் இல்லாத வட்டி விகிதத்தைக் கழித்து, மீதியை ஸ்டாண்டர்டு டீவியேஷனால் வகுக்க வேண்டும். 18 சதவீதம் கொடுத்து 16 ஆடிய ஃபண்ட் ஒன்று, 16 சதவீதம் கொடுத்து 11 மட்டும் ஆடிய ஃபண்ட் ஒன்று. ரிஸ்க் இல்லாத வட்டி 6.5 என்றால் முதலாவதன் ஷார்ப் 0.72, இரண்டாவதன் ஷார்ப் 0.86. வருமானத்தில் பின்தங்கியது, வாங்கிய ரிஸ்க்குக்கு ஈடாகக் கொடுத்ததில் முந்திவிட்டது. ஒரே வகை ஃபண்டுகளுக்குள் மட்டும் இந்த ஒப்பீட்டைச் செய்யுங்கள். பீட்டா, பெஞ்ச்மார்க் ஒரு சதவீதம் நகர்ந்தால் ஃபண்ட் எவ்வளவு நகர்கிறது என்று சொல்கிறது. ஒன்றுக்கு மேல் என்றால் சந்தையைவிட வேகமாக ஏறி, வேகமாக இறங்கும்.

இப்போது முதலில் சொன்ன அந்த இரண்டு மாதங்களுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மிகத் தேர்ந்த முதலீட்டாளர்களும் ஏமாறும் இடம் இங்கே இருக்கிறது. ரிஸ்க் அளவுகளுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: கடந்த மூன்று ஆண்டுகளின் மாதாந்திர வருமானத்தை வைத்துக் கணக்கிட்டது என்று. முப்பத்தாறு மாதங்கள். 2023 பிப்ரவரி தாளில் இருந்த முப்பத்தாறு மாதங்களில் முதல் மாதம் 2020 மார்ச். அந்த ஒரே மாதத்தில் நிஃப்டி 23 சதவீதம் விழுந்தது. 2023 மார்ச் தாளில் அந்த மாதம் கணக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. விளைவு என்ன? வருமானம் பாய்ந்து ஏறிய அதே தாளில் ஆட்டத்தின் அளவும் இறங்கியது. ஷார்ப் ரேஷியோவில் மேலே இருக்கும் எண் பெருக்க, கீழே இருக்கும் எண் சிறுக்க, விடை இரு மடங்கு உற்சாகத்தோடு உயர்ந்தது. ஃபண்டில் ஒரு பங்குகூட மாறாமலே அது திடீரென்று அதிக லாபமும் குறைந்த ரிஸ்க்கும் உள்ள அற்புதமாகத் தோன்றியது.

எனவே ரிஸ்க் எண்களைப் படிக்கும்போது அந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு பெரிய சரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த எண்கள் வெயில் காலத்தில் எடுத்த அளவு. மழைக்கு அவற்றை நம்ப முடியாது. நிஃப்டி 2020 ஜனவரி 14 அன்று 12,362-ல் இருந்தது, மார்ச் 23 அன்று 7,610. பத்து வாரத்துக்குள் 38 சதவீதம். உங்கள் 5 லட்சம் 3 லட்சத்து 8 ஆயிரமாகும் வேகம் அது. எந்த ஸ்டாண்டர்டு டீவியேஷனையும் படித்த பிறகு இந்த எண்ணையும் ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள்.

இரண்டாவது கேள்வி: எதை வாங்கி வைத்து? போர்ட்ஃபோலியோ பட்டியலில் நிறுவனத்தின் பெயர், துறை, மொத்தச் சொத்தில் அதன் பங்கு என்று வரிசையாக இருக்கும். முதல் பத்துப் பெயர்களைக் கூட்டிப் பாருங்கள். நாற்பது சதவீதமா, அறுபதா என்பதிலிருந்து மேனேஜர் எவ்வளவு குறைவான குதிரைகளின் மேல் பந்தயம் கட்டியிருக்கிறார் என்று தெரியும். ஆனால் உங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபண்டுகள் இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் இருக்கும் பங்குகளுக்கு எதிரே, இரண்டு சதவீதங்களில் சிறியது எதுவோ அதை எழுதுங்கள். ஹெச்.டி.எஃப்.சி வங்கி ஒன்றில் 9, மற்றொன்றில் 7 என்றால் 7 என்று எழுதுங்கள். இன்ஃபோசிஸ் 4-ம் 5-ம் என்றால் 4. இப்படி எழுதியதையெல்லாம் கூட்டினால், இரண்டு ஃபண்டுகளும் எவ்வளவு தூரம் ஒரே ஃபண்ட் என்பது கிடைக்கும். ஐம்பது, அறுபது என்று வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள், காரணம் விதியிலேயே இருக்கிறது. லார்ஜ் கேப் ஃபண்ட் என்றால் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் நூறு நிறுவனங்களில்தான் போட வேண்டும் என்று செபி 2017-ல் வகுத்துவிட்டது. நான்கு நிறுவனங்களின் நான்கு லார்ஜ் கேப் ஃபண்டுகளை வாங்கியவர் ரிஸ்க்கைப் பரப்பியதாக நினைக்கிறார். ஒரே பங்குகளுக்கு நான்கு பேருக்குக் கட்டணம் செலுத்துகிறார். உங்கள் வீட்டில் அப்படி நடக்கிறதா என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்துவிடலாம்.

பங்கு இல்லாத கடன் ஃபண்டுகளில் இந்தப் பட்டியலைப் படிக்காமல் விடுவது இன்னும் பெரிய தவறு. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன்னுடைய ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய் ஒரே இரவில் முடங்கியது. அந்த ஆறில் ஒன்றின் பெயர் அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்ட். குறுகிய காலப் பணத்தைப் பத்திரமாக வைக்கும் இடம் என்று பெயரைப் பார்த்து நம்பியவர்கள் அதில் ஏராளம். அதே வகையைச் சேர்ந்த மற்ற ஃபண்டுகளைவிட அது கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது, அந்தக் கூடுதல்தான் ஈர்த்தது. எப்படிக் கொடுத்தது என்பதற்கான விடை ஒவ்வொரு மாதமும் ஃபேக்ட்ஷீட்டில் அச்சாகிக்கொண்டிருந்தது. பட்டியலில் நிறுவனப் பெயருக்குப் பக்கத்தில் தரக்குறியீடு என்று ஒரு பத்தி உண்டு. உயர்தரமான டிரிபிள் ஏ-க்குப் பதிலாக, டபுள் ஏ-யும் அதற்குக் கீழே சிங்கிள் ஏ-யும் அந்த ஃபண்டுகளில் நிறைந்திருந்தன. தரம் குறைந்த நிறுவனம் கூடுதல் வட்டி கொடுத்துத்தான் கடன் வாங்கும். அந்தப் பத்திரங்களை நல்ல காலத்தில் வைத்திருந்தால் லாபம். கொரோனா போன்ற நெருக்கடியில் எல்லோரும் பணத்தைத் திரும்பக் கேட்டால் அவற்றை வாங்க ஆள் கிடைக்காது. அதுதான் நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய், எஸ்.பி.ஐ மியூச்சுவல் ஃபண்ட் பொறுப்பேற்று, தவணை தவணையாகப் பணம் திரும்பியது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று அதில் வைத்தவருக்கு, ஒரு நாள் திரும்பும் பணம் எதற்கு உதவும்? அவருக்கு அது அந்த ஜூன் மாதத்தில் வேண்டும்!

கடன் ஃபண்டில் பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யீல்டு டு மெச்சூரிட்டி என்ற எண், இப்போது வைத்திருக்கும் பத்திரங்களைக் கடைசி வரை வைத்திருந்தால் கிடைக்கக்கூடிய ஆண்டு வருமானம், செலவைக் கழிக்காதது. அதே வகை ஃபண்டுகள் நான்கைந்தின் தாள்களை எடுத்து அந்த எண்ணை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கணிசமாகத் தூக்கி நின்றால் பாராட்டுவதற்கு முன் தரக்குறியீட்டுப் பத்தியைக் கீழ் வரை படியுங்கள். கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பின் அந்த ரிஸ்க்கை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இது. யார் பொறுப்பில் இருந்தபோது?

தாளின் மேல் பகுதியில் ஃபண்ட் மேனேஜரின் பெயரும், எந்தத் தேதியிலிருந்து இந்தத் திட்டத்தை நிர்வகிக்கிறார் என்பதும் இருக்கும். அந்தத் தேதியை வட்டமிடுங்கள். பிறகு அதே பேனாவோடு வருமான அட்டவணைக்குப் போய், எந்தெந்த எண்கள் அந்தத் தேதிக்குப் பிறகு சம்பாதித்தவை என்று பாருங்கள்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஹெச்.டி.எஃப்.சி ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட் 1995 ஜனவரியில் தொடங்கியது. பிரசாந்த் ஜெயின் அதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிர்வகித்தார். 2022 ஜூலை இறுதியில் அவர் அந்த நிறுவனத்திலிருந்து விலகினார், ரோஷி ஜெயின் பொறுப்பேற்றார். இப்போது 2022 டிசம்பர் ஃபேக்ட்ஷீட்டை மனதில் கொண்டுவாருங்கள். ஐந்தாண்டு வருமானம் என்றால் 2018 ஜனவரியிலிருந்து அறுபது மாதங்கள். அவற்றில் ஐம்பத்தைந்து மாதங்கள் பழைய மேனேஜர் காலத்தவை, ஐந்து மட்டும் புதியவர் காலத்தவை. தொடக்கத்திலிருந்து வருமானம் என்ற பத்தியிலோ இருபத்தெட்டு ஆண்டுக் கணக்கு. இதில் யார் தவறும் இல்லை. புதியவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் அந்த மாதம் ஐந்தாண்டு எண்ணைப் பார்த்து அந்த ஃபண்டில் பணம் போட்டவர், விலகிச் சென்றவரின் மதிப்பெண்ணுக்கு வந்தவரிடம் கட்டணம் செலுத்தினார். அது தெரிந்து செய்தால் சரி. தெரியாமல் செய்யலாமா?

புதிய மேனேஜரின் திறமையை எப்படி அளப்பது? ஃபேக்ட்ஷீட்டின் பின்பக்கங்களில், அவர் நிர்வகிக்கும் மற்ற திட்டங்களின் வருமானம் என்று ஓர் அட்டவணை இருக்கும். ஆறுக்கு மேல் திட்டங்கள் இருந்தால் சிறந்த மூன்றும் கடைசி மூன்றும் அங்கே இருக்கும். பெரும்பாலோர் சிறந்த மூன்றைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். கடைசி மூன்றைப் பாருங்கள்! அவை பெஞ்ச்மார்க்கைவிட எவ்வளவு பின்தங்கின, எத்தனை ஆண்டாகப் பின்தங்குகின்றன, அவை உங்கள் ஃபண்டைப் போன்ற வகையா வேறு வகையா என்று கேளுங்கள். ஒருவர் பெயரில் பதினைந்து திட்டங்கள் இருந்தால் பலவற்றில் அவர் இணை மேனேஜராக, வெளிநாட்டுப் பங்குகளை மட்டுமோ கடன் பகுதியை மட்டுமோ கவனிப்பவராக இருக்கலாம். அதையும் அந்தத் தாளே குறிப்பிடும். அவர் வேறு நிறுவனத்திலிருந்து வந்தவர் என்றால் பழைய சாதனை இந்தத் தாளில் இருக்காது. முந்தைய நிறுவனத்தின் இணையதளத்தில் அவர் காலத்துத் தாள்களைத் தேடி எடுக்க வேண்டும். எடுங்கள். ஒருவரை வேலைக்கு அமர்த்தும் முன் முந்தைய இடத்தில் விசாரிக்க மாட்டோமா?

மேனேஜர் மாறினார் என்று தெரிந்த மறுநாளே விற்றுவிட்டு ஓடவும் வேண்டாம். அது ஃபண்டின் அடிப்படைத் தன்மையில் வரும் மாற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே வெளியேறும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உங்களை அனுப்பிவைக்க மாட்டார்கள். விற்றால் வரியும் உண்டு. 2024 ஜூலை 23 முதல் பங்கு ஃபண்டுகளுக்கு ஓராண்டுக்குள் விற்ற லாபத்தில் 20 சதவீதம், ஓராண்டைத் தாண்டினால் நிதியாண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவீதம். எனவே நிதானமாகக் கவனியுங்கள். மாற்றத்துக்கு முந்தைய மாதத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் தாளை அதற்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் பத்துப் பங்குகளில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? லார்ஜ், மிட், ஸ்மால் கேப் விகிதம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது? ரொக்கமாக வைத்திருக்கும் சதவீதம் கூடியதா? போர்ட்ஃபோலியோ டர்ன்ஓவர் என்ற எண் இரு மடங்கானதா? பத்தில் எட்டுப் பங்குகள் அப்படியே இருந்தால் பழைய வழிமுறை தொடர்கிறது. பத்தில் நான்குதான் இருக்கிறது என்றால், நீங்கள் வாங்கிய ஃபண்ட் பெயரளவில் மட்டும் உங்களிடம் இருக்கிறது. புதிதாக ஒன்றை வாங்கும்போது கேட்கும் எல்லாக் கேள்விகளையும் அதனிடம் மறுபடி கேட்க வேண்டும்.

பழைய தாள்கள் எங்கே கிடைக்கும் என்று யோசிக்க வேண்டாம். ஃபண்ட் நிறுவனங்களின் இணையதளத்தில் பதிவிறக்கப் பகுதியில் ஃபேக்ட்ஷீட் என்ற தலைப்பின் கீழ் ஆண்டு, மாதம் வாரியாக அவை அடுக்கப்பட்டிருக்கும். இன்று இரவே உங்கள் ஃபண்டின் 2020 மார்ச் தாளை இறக்குங்கள். கூடவே கடந்த மாதத் தாளையும் இறக்கிவிட்டு, நான்கே விஷயங்களை ஒரு காகிதத்தில் எதிரெதிரே எழுதுங்கள்: மேனேஜர் பெயரும் பொறுப்பேற்ற தேதியும், முதல் பத்துப் பங்குகள், மூன்றாண்டு வருமானமும் பெஞ்ச்மார்க்கும், ஸ்டாண்டர்டு டீவியேஷன். 2020 மார்ச் தாளில் மூன்றாண்டு வருமானம் மைனஸில் இருந்தால் திடுக்கிடாதீர்கள். அன்று நிஃப்டிக்கே ஆண்டுக்கு மைனஸ் 2.1 சதவீதம்தான். அந்த மாதத்திலும் உங்கள் ஃபண்ட் தன் பெஞ்ச்மார்க்கைவிடக் குறைவாக விழுந்திருந்து, அன்று இருந்த மேனேஜரே இன்றும் இருக்கிறார் என்றால், அடுத்த எஸ்.ஐ.பி தேதி வரும்போது அந்த ஃபண்டைத் தொடர்வதற்கு உங்கள் கையெழுத்தில் ஒரு காரணம் இருக்கும். இல்லையென்றால், விநியோகஸ்தருக்கு ஃபோன் செய்து இந்த ஐந்தாண்டு வருமானத்தில் எத்தனை மாதம் இப்போதைய மேனேஜருடையது என்று கேளுங்கள். அவர் தாளைத் திறந்து பார்த்து எண்ணிச் சொல்லும் வரை ஃபோனை வைக்காதீர்கள்.